பாட்டியின் மூன்று வேளைத் தட்டில் எத்தனை கிராம் புரதம்?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஒரு கடையில் சைவ வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இலை நிறையச் சோறு, அதன்மேல் ஒரு கரண்டி பருப்புக் குழம்பு, மூன்று வகைக் காய்கறி, அப்பளம், ரசம், கடைசியில் கொஞ்சம் மோர். எழுந்து கைகழுவும்போது வயிறு முட்டிவிடுகிறது. இப்போது ஒரு கேள்வி. அந்த இலையில் எவ்வளவு புரதம் இருந்தது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கப் சோற்றில் சுமார் 8 கிராம். பருப்புக் குழம்பில் 3 கிராம். மூன்று காய்கறிகளும் சேர்ந்து 4 கிராம். அப்பளத்தில் 1, மோரில் 2. ரசத்தில் இருப்பது கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. மொத்தம் 18 கிராம்தான் வருகிறது.

பதினைந்து வயதுள்ள உங்களுக்கு அந்த ஒரு வேளைக்கு அது போதும். எதிரே அமர்ந்து அதே இலையைச் சாப்பிட்டு முடித்த பாட்டிக்கு அது கொஞ்சம் குறைவு. வயதானவருக்கு உணவு குறைவாகப் போதும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சோற்றைப் பொறுத்தவரை அது சரி. புரதத்தைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ். ஏன் அப்படி, எத்தனை கிராம் வேண்டும், நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே அதை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது எப்படி என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

இடிப்பதும் கட்டுவதும்

தசையை, ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர்போல நினைக்காதீர்கள். அது ஓயாமல் ஒரு பக்கம் இடிக்கப்பட்டு, மறு பக்கம் கட்டப்படும் வீடு. பழைய தசைப் புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்களாகின்றன. அந்த அமினோ அமிலங்களும், சாப்பாட்டிலிருந்து வந்தவையும் சேர்ந்து புதிய புரதமாகின்றன. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குக் கட்டும் வேலை முந்துகிறது. வயிறு காலியாக இருக்கும் இரவில் இடிக்கும் வேலை முந்துகிறது. ஒரு நாளில் இரண்டும் சமமாக இருந்தால் தசை அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மிஞ்சிய சர்க்கரையை உடல் கிளைகோஜனாகவும் கொழுப்பாகவும் சேமித்துவைக்கும். அமினோ அமிலத்துக்கு அப்படியொரு கிடங்கு கிடையாது. உடனே பயன்படாத அமினோ அமிலத்திலிருந்து கல்லீரல் நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாக்குகிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. எஞ்சிய கரிமப் பகுதி சக்திக்காக எரிக்கப்படுகிறது, அல்லது கொழுப்பாகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முழுக் கோழியைச் சாப்பிட்டுவிட்டு, அதை வாரம் முழுவதற்கும் வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது சிக்கல் வயது. கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லித் தசைக்கு ஓர் அறிவிப்பு போக வேண்டும். அந்த அறிவிப்பை முக்கியமாகக் கொண்டுபோவது லியூசின் என்னும் அமினோ அமிலம். சாப்பிட்டபின் இரத்தத்தில் லியூசின் ஓர் அளவுக்கு மேல் ஏறினால்தான் தசை அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இளைஞரின் தசை மெல்லத் தட்டினாலே கதவைத் திறக்கும். முதியவரின் தசைக்குப் பலமாகத் தட்ட வேண்டும். அதே இரண்டு இட்லிக்குப் பேரனின் தசை பதில் சொல்லும், பாட்டியின் தசை பேசாமல் இருக்கும்.

இப்படிப் பல ஆண்டுகள் இடிப்பு முந்திக்கொண்டே போனால் தசை கரைகிறது. 1988இல் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பர்க் இதற்கு ‘சார்க்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை, ‘பீனியா’ என்றால் குறைவு. வயதானால் இளைப்பது இயல்புதானே என்று அதுவரை விட்டுவிட்டதை, அளந்து பார்த்துத் தடுக்கவேண்டிய ஒன்றாக எல்லாரும் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எடை இயந்திரம் சொல்லாதது

“போன வருஷமும் 55 கிலோ, இந்த வருஷமும் 55 கிலோ. எனக்கென்ன குறை?” என்று பாட்டி கேட்கலாம். எடை இயந்திரத்துக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். இரண்டு கிலோ தசை போய் இரண்டு கிலோ கொழுப்பு வந்தால் முள் அசையாது.

நம்மைப் போன்ற இந்திய உடல்வாகு உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு படத்தை வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் ஒருவர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, மற்றவர் உடலில் 21.2 விழுக்காடு. கொழுப்பு கூடுதலாக இருந்தது யாஜ்னிக்கின் உடலில்.

அப்படியானால் தசை குறைவதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகளில் சிலவற்றை வீட்டிலேயே பார்க்கலாம்.

முதலாவது, நாற்காலிச் சோதனை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். கைப்பேசியில் நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கத்தில் குறைவு இருக்கிறது என்று பொருள். நாற்காலியைச் சுவரோரம் வையுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். முட்டி வலி உள்ளவருக்கு முட்டியால் நேரம் கூடும், அதைத் தசைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, கெண்டைக்கால் சுற்றளவு. தையல் அளவு நாடாவைக் கொண்டு, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழோ, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழோ இருந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். கால் வீக்கம் உள்ளவருக்கு இந்த அளவு பொய் சொல்லும். நீர் கோத்த காலும் பருத்த கால்போலவே தெரியும்.

இவை சந்தேகத்தைக் காட்டும் சோதனைகளே. சார்க்கோபீனியா என்று உறுதிசெய்ய, கைப்பிடி பலத்தையும் உடலின் தசை அளவையும் கருவியால் அளக்க வேண்டும். அது மருத்துவமனையில் நடக்கும் வேலை.

எத்தனை கிராம்?

உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட கணக்குப்படி, வளர்ந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பாதுகாப்பான அளவு. 55 கிலோ எடையுள்ள பாட்டிக்கு இது ஏறத்தாழ 46 கிராம்.

இந்த எண் எப்படி வந்தது தெரியுமா? சாப்பாட்டில் உள்ளே போகும் நைட்ரஜனையும், சிறுநீர் முதலியவற்றில் வெளியே வரும் நைட்ரஜனையும் அளந்து, இரண்டும் சமமாகும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அது பற்றாக்குறை வராமலிருக்கத் தேவையான அளவு. தசையைப் பலமாக வைத்திருக்க அது போதுமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு 2013இல் முதியோர் நலத்துக்கான ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு பதில் சொன்னது. 65 வயதைத் தாண்டிய, சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது அதன் பரிந்துரை. மறு ஆண்டு ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் குழுவும் ஏறக்குறைய இதையே சொன்னது. பாட்டிக்கு இது 55 முதல் 66 கிராம் வரை. மிகவும் பருமனாக உள்ளவருக்கு முழு எடையால் பெருக்கினால் கணக்கு மிகையாக வரும். அவருக்கு எந்த எடையை எடுத்துக்கொள்வது என்பதை உணவியல் நிபுணர் சொல்வார்.

இதை ஒரு வேளைக்குப் பிரித்தால்? 2015இல் டேனியல் மூர் என்ற ஆய்வாளரின் குழு ஆண்களிடம் நடந்த சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. தசை கட்டும் வேலை உச்சத்தை எட்ட, ஒரு வேளையில் இளைஞருக்குக் கிலோவுக்கு 0.24 கிராமும், முதியவருக்கு 0.40 கிராமும் தேவைப்பட்டன. ஒரே எடை, 55 கிலோ உள்ள இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இளைஞருக்கு ஒரு வேளைக்கு 13 கிராம் போதும். முதியவருக்கு 22 கிராம் வேண்டும். அதனால்தான் 18 கிராம் வாழையிலை உங்களுக்குப் போதுமானதாகவும் பாட்டிக்குக் குறைவாகவும் இருந்தது.

22ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 66 வரும். நாள் கணக்கும் வேளைக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்திப் போகின்றன.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூன்று வேளைக்கும் சமமாகப் பிரிப்பது எவ்வளவு முக்கியம் என்பதில் ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. 2014இல் நடுவயதினரிடம் செய்த ஒரு சோதனையில், ஒரே அளவு புரதத்தை இரவில் குவித்துச் சாப்பிட்டபோதைவிடச் சமமாகப் பிரித்தபோது தசை கட்டும் வேலை சுமார் 25 விழுக்காடு கூடியது. மறு ஆண்டு முதியவர்களிடம் செய்த சோதனையில், பிரித்ததால் பெரிய மாறுதல் தெரியவில்லை. நாளின் மொத்த அளவைக் கூட்டியதுதான் பயன் தந்தது. ஆகவே முதலில் மொத்தம், அடுத்து பிரிவு. ஆனால் நம் வீடுகளில் மொத்தம் குறைவதற்குக் காரணமே காலையும் இரவும் காலியாக இருப்பதுதான். அந்த இரண்டு வேளையைச் சரிசெய்தால் மொத்தமும் தானே சரியாகும்.

கிள்ளானில் ஒரு நாள்

கிள்ளானில் வசிக்கும் ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 72, எடை 55 கிலோ, சிறுநீரகத்தில் குறையில்லை. அவருடைய வழக்கமான நாள் இப்படிப் போகிறது.

காலையில் மூன்று இட்லி, ஒரு கரண்டி சாம்பார், தேங்காய்ச் சட்னி, கொஞ்சம் பால் கலந்த தேநீர். ஓர் இட்லிக்கு 2 கிராம் வீதம் 6, சாம்பாரில் 2, சட்னியில் 1, தேநீரில் 1. மொத்தம் 10 கிராம்.

மதியம் ஒன்றரைக் கப் சோறு, சாம்பார், இரண்டு காய்கறி, குழம்பிலிருந்து ஒரு சின்ன மீன் துண்டு. சோற்றில் 6, சாம்பாரில் 3, காய்கறியில் 3, மீனில் 6. மொத்தம் 18 கிராம்.

இரவு, “பசி இல்லை” என்று மூன்று இடியாப்பம், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். மொத்தம் 4 கிராம்.

நாள் முழுவதற்கும் 32 கிராம். கிலோவுக்கு 0.6 கிராம்கூட இல்லை. பாட்டி பட்டினி கிடக்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டார். ஆனால் எந்த ஒரு வேளையிலும் 22 கிராமை அவர் எட்டவில்லை. தசையின் கதவு ஒரு முறைகூடச் சரியாகத் தட்டப்படவில்லை.

இப்போது அதே சமையலறையில், அதே சுவையில், தட்டை மாற்றிப் பார்ப்போம்.

காலையில் இட்லியை மூன்றிலிருந்து இரண்டாக்குகிறோம், 4 கிராம். சாம்பார் தெளிந்த நீராக இல்லாமல், அடியிலிருக்கும் பருப்போடு இரண்டு கரண்டி, 5 கிராம். அவித்த முட்டை ஒன்று, 6 கிராம். ஒரு பெரிய தம்ளர் பால், அதாவது 250 மில்லிலிட்டர், 8 கிராம். மொத்தம் 23.

மதியம் சோறு ஒரு கப், 4 கிராம். கெட்டிப் பருப்பு அரைக் கப், 6 கிராம். காய்கறி 2 கிராம். நடுத்தரமான கெம்போங் மீன் ஒன்று, முள் நீக்கினால் 60 கிராம் சதை தேறும், 12 கிராம். மொத்தம் 24.

இரவு சப்பாத்தி இரண்டு, 6 கிராம். கொண்டைக்கடலைக் குருமா முக்கால் கப், 10 கிராம். ஒரு சிறு கிண்ணம் தயிர், 5 கிராம். மொத்தம் 21.

நாள் மொத்தம் 68 கிராம். கிலோவுக்கு 1.2 கிராமைச் சற்றே தாண்டுகிறது. எந்த வேளையும் பெரிய விருந்தாகவில்லை. புதிதாகக் கடையில் வாங்கியதும் ஒன்றுமில்லை. சோறும் இட்லியும் கொஞ்சம் குறைந்து, அந்த இடத்தில் பருப்பும் முட்டையும் மீனும் வந்திருக்கின்றன. இப்படி இடம் மாற்றுவது முக்கியம். பழைய தட்டின்மேல் இவற்றைக் கூடுதலாக அடுக்கினால் பாட்டியால் சாப்பிட முடியாது. பசி குறைந்தவர் எதை முதலில் சாப்பிடுகிறாரோ அதுதான் உள்ளே போகும். ஆகவே மீனையும் பருப்பையும் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், சோறு பிறகு வரட்டும்.

பாட்டி சைவமா? முட்டைக்குப் பதில் ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம், வேர்க்கடலை வையுங்கள். அதிலும் 6 கிராம் புரதம் உண்டு. மீனுக்குப் பதில் சந்தையில் விற்கும் தௌகுவா 100 கிராம் எடுத்துக் குழம்பில் போட்டால் 12 கிராமுக்குக் குறையாது. தெம்பே இன்னும் செறிவானது, 60 கிராமிலேயே 11 கிராம் கிடைக்கும். பல் இல்லாதவருக்கு வேர்க்கடலையைச் சட்னியாக அரைக்கலாம், தௌகுவாவை மசிக்கலாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். பால் புரதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு லியூசின். பருப்புப் புரதத்தில் அது சுமார் 7 விழுக்காடுதான். பருப்புப் புரதம் செரிப்பதும் சற்றுக் குறைவு. அதனால் சைவத் தட்டில் ஒரு வேளைக்கு 22 என்பதைவிட 25ஐக் குறிவைப்பது நல்லது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். சோறும் பருப்பும், இட்லியும் சாம்பாரும் ஒன்றன் குறையை மற்றது நிரப்புகின்றன. பருப்பின் பங்கைக் கூட்டினால் போதும்.

கணக்கு தவறும் இடங்கள்

பலர் தடுக்கி விழும் முதல் இடம், உணவின் எடையைப் புரதத்தின் எடையாக எடுத்துக்கொள்வது. 100 கிராம் மீன் சாப்பிட்டால் 100 கிராம் புரதம் வராது, சுமார் 20 கிராம்தான் வரும். மீதி பெரும்பாலும் நீர்.

இரண்டாவது, வேகாத பருப்பின் எண்ணை வெந்த பருப்புக்குப் போடுவது. 100 கிராம் காய்ந்த பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அது வேகும்போது தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் எடை ஏறுகிறது. வெந்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9 கிராம்தான் இருக்கும். சாம்பாரில் இன்னும் தண்ணீர் சேர்கிறது. உங்கள் வீட்டு சாம்பாரின் புரதம் தெரிய வேண்டுமானால், பானையில் போட்ட காய்ந்த பருப்பை எடைபோட்டு, எத்தனை கரண்டி சாம்பார் வந்தது என்று எண்ணி வகுத்துப் பாருங்கள். பல வீடுகளில் விடை ஏமாற்றம் தரும்.

மூன்றாவது, பானங்கள். ஒரு குவளை தே தாரேக்கில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப் பால் விட்டால் அதில் 3 கிராம் புரதம் வரும், கூடவே 20 கிராமுக்கு மேல் சர்க்கரையும் வரும். டின்னில் இருப்பது கெட்டிப் பாலா, கிரீமரா என்று லேபிளைப் பாருங்கள். கிரீமரில் புரதம் இன்னும் குறைவு. சத்துமாவு பானங்களின் டப்பாவிலும் படத்தைப் பார்க்காமல், பின்பக்கத்திலுள்ள சத்துப் பட்டியலைப் படியுங்கள். ‘100 கிராமுக்கு’ என்ற எண்ணை விட்டுவிட்டு, ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறவருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் சோயாப் பால் தண்ணீர் கலந்து இனிப்பாக இருந்தால் அதைப் பாலுக்குச் சமமாக எண்ண முடியாது.

முதலில் சிறுநீரகத்தைக் கேளுங்கள்

பாட்டியின் தட்டை நாளைக்கே மாற்றிவிட வேண்டாம். மேலே சொன்ன கணக்கெல்லாம் சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு. மிகைப் புரதத்தின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று பார்த்தோம் அல்லவா? சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்து, இன்னும் டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு அந்தச் சுமை ஆகாது. அவருக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ கூட்டச் சொல்வார்கள். இரண்டையும் வீட்டில் இருந்துகொண்டு முடிவுசெய்ய முடியாது.

சிறுநீரகத்தைப் பழுதாக்கும் முக்கியக் காரணம் நீரிழிவு. 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. தொடக்கத்தில் சிறுநீரகப் பழுது வலி எதுவும் தராது. பாட்டிக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினினும், அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் அளவும் இருக்கும். “புரதத்தைக் கூட்டலாமா?” என்று அந்தத் தாளைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள். கேள்வி சின்னது, பதில் மிக முக்கியம்.

செங்கல் மட்டும் போதாது

எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டு, பாட்டி நாள் முழுவதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. நூறு பேர் கலந்துகொண்டார்கள், சராசரி வயது 87. சிலருக்குக் கால் தசைக்கான எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசைப் பலம் இருமடங்குக்கு மேல் கூடியது. பயிற்சி இல்லாமல் பானம் மட்டும் குடித்தவர்களின் பலவீனம் குறையவில்லை. அந்தப் பானத்தில் மாவுச்சத்துதான் அதிகம், புரதம் குறைவு என்பதையும் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் இதை ஒட்டிய ஓர் ஆய்வு உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசானா ஷாஹாரின் குழு, தசை குறைந்த 60 முதல் 74 வயது வரையுள்ள 65 மலாய் முதியவர்களைப் பிரித்து, 12 வாரம் பயிற்சி, சோயா புரதம், இரண்டும், எதுவுமில்லை என்று சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி செய்த குழுவில் உடல் கொழுப்பு குறைந்து, கொழுப்பல்லாத எடை கூடியது. புரதம் எடுத்த குழுவிலும் கால் பலம் நன்றாக ஏறியது. பெரிய ஆய்வன்று, ஒரே இனத்தாரிடம் செய்தது. ஆனாலும் அறுபதுக்குப் பிறகும் தசை பதில் சொல்லும் என்பதை நம் ஊர் மக்களிடமே காட்டியது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் நலமாக இருந்த முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் தவறாமல் கொடுத்தார்கள். ஆனாலும் பத்தே நாளில் கால்களிலிருந்து சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை போய்விட்டது. 2007இல் வந்த ஆய்வு இது. மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்து எழுந்த தாத்தா, அதன்பின் பழையபடி நடக்கச் சிரமப்படுவதற்கு நோய் மட்டும் காரணமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பயிற்சிக்கு உடற்பயிற்சி நிலையம் தேவையில்லை. முன்பு சோதனைக்குப் பயன்படுத்திய அதே நாற்காலியே போதும். கையை ஊன்றாமல் எட்டு அல்லது பத்து முறை எழுந்து உட்காருவது, சற்று ஓய்வெடுத்து மீண்டும் செய்வது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாக இருந்தால் தசைக்கு அது வேலையே இல்லை. இதய நோய் உள்ளவரும், அடிக்கடி தலைசுற்றி விழுபவரும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வேலை

இந்த வாரக் கடைசியில் ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, காலை, மதியம், இரவு என்று எழுதுங்கள். பாட்டியோ தாத்தாவோ ஒரு நாளில் சாப்பிடுவதை மறைக்காமல், கூட்டாமல் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த எண்களைப் போடுங்கள்.

- இட்லி ஒன்று: 2 கிராம்
- தோசை அல்லது சப்பாத்தி ஒன்று: 3 கிராம்
- சோறு ஒரு கப்: 4 கிராம்
- வெந்த கெட்டிப் பருப்பு அரைக் கப்: 6 கிராம்
- வெந்த கொண்டைக்கடலை முக்கால் கப்: 10 கிராம்
- முட்டை ஒன்று: 6 கிராம்
- பால் 250 மில்லிலிட்டர்: 8 கிராம்
- தயிர் ஒரு சிறு கிண்ணம்: 5 கிராம்
- மீன் சதை 60 கிராம்: 12 கிராம்
- தௌகுவா 100 கிராம்: 12 கிராம்

எல்லாம் தோராய எண்கள், இட்லியின் அளவும் கரண்டியின் ஆழமும் வீட்டுக்கு வீடு மாறும். ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே கூட்டுங்கள். பாட்டியின் எடையை 0.4ஆல் பெருக்கினால் ஒரு வேளைக்கான இலக்கு கிடைக்கும். அந்த எண்ணைத் தாளின் மேலே எழுதி, எந்தப் பத்தி மிகவும் குறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது இரவாக இருக்கும். கிளினிக்கில் சரி என்று சொன்னபின், மாற்றத்தை அந்த ஒரு வேளையிலிருந்து தொடங்குங்கள். நாற்காலிச் சோதனையின் வினாடிகளையும் தேதியோடு அதே தாளில் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.